திருக்கை அடித்த காலும் இரண்டு காரணங்களும்: ஒரு நிராகரிப்புக் கடிதத்தைத் தமிழாக்கிய அனுபவம்

இராமநாதபுரத்தில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் என் பிழைப்பு. கிரயப் பத்திரம், வாரிசுச் சான்று, வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் என்று எல்லாம் வரும். கொஞ்ச காலமாக இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் நிராகரிப்புக் கடிதங்களும் வருகின்றன. வங்கியில் கடன் வாங்கப் போகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்கள். பாலிசி ஆங்கிலத்தில் இருக்கிறது. பணம் இல்லை என்று சொல்லும் கடிதமும் ஆங்கிலத்தில்தான் வருகிறது.

தேவிபட்டினத்துக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். வல்லம் வைத்து நண்டு வலை விடுகிறவர் அவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். 2025 அக்டோபரில் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி வல்லத்தைத் தள்ளியபோது சேற்றில் புதைந்து கிடந்த திருக்கை வலது காலில் அடித்துவிட்டது. வழக்கம்போல் சுடுதண்ணீரில் காலை வைத்து வலியை அடக்கியிருக்கிறார். நான்கைந்து நாளில் கால் வீங்கி, காய்ச்சல் வந்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, சீழை வெளியேற்றி, அழுகிய திசுவை வெட்டி எடுத்தார்கள். பில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய். பாலிசி ஐந்து லட்சத்துக்கு, 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பணத்தைக் கட்டிவிட்டு, திரும்பக் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். டிசம்பரில் பதில் வந்தது.

என்னிடம் வருவதற்கு முன்பே கடிதத்தை ஒருவர் படித்துச் சொல்லிவிட்டிருந்தார். கல்லூரியில் படிக்கும் மருமகன். "சர்க்கரை இருப்பதால் இப்போதைக்குத் தர முடியாது என்று எழுதியிருக்கிறார்கள், மாமா. பார்க்கலாம்" என்று அவன் சொன்னதை வைத்துக்கொண்டு குடும்பம் இரண்டு மாதம் காத்திருந்தது. பாலிசி விற்ற வங்கி ஊழியரும் "மேலே பேசியிருக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டுப்போட்ட காலோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமனிடம், "நீங்கள் உண்மையை மறைத்ததாக எழுதியிருக்கிறார்கள்" என்று எந்த மருமகன் சொல்வான்?

ஆனால் கடிதத்தில் "இப்போதைக்கு" என்ற பொருள் தரும் சொல் எதுவும் இல்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று முடிந்த முடிவாக எழுதியிருந்தார்கள். இந்த வகைக் கடிதம் எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆவணம் வரவில்லை என்பதால் கோப்பை மூடியிருக்கிறார்களா, மருத்துவமனையில் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு மட்டும் அனுமதி மறுத்திருக்கிறார்களா, அல்லது கோரிக்கையையே நிராகரித்திருக்கிறார்களா? முதலாவது என்றால் கேட்ட ஆவணத்தைக் கொடுத்தால் கோப்பு திறக்கும். இரண்டாவது என்றால் பில்லைக் கட்டிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி இன்னும் இருக்கிறது. மூன்றாவதுக்குப் பதில், எழுத்து மூலமான முறையீடு மட்டும்தான். மூன்றையும் வீட்டில் "கிளைம் வரவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

நான் தமிழாக்கும் முறை எளியது. தாளை நெடுவாக்கில் இரண்டாக மடித்து, இடப்பக்கம் கடிதத்தின் வாக்கியத்தை உள்ளபடியே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன். வலப்பக்கம் அதற்கு நேராகத் தமிழ். வலப்பக்கத்தில் என் விளக்கம் ஒரு சொல்கூட இருக்காது. விளக்கம் வேண்டுமென்றால் தனித் தாளில், "இது என் விளக்கம்" என்று தலைப்பிட்டு எழுதித் தருவேன். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், நிறுவனம் சொன்னது எது, தட்டச்சுக்காரர் சொன்னது எது என்று பிறகு யாருக்கும் பிரித்துப் பார்க்க வராது.

இந்தக் கடிதத்தின் உயிரான பகுதி வலப்பக்கத்தில் இப்படி வந்தது:

"மருத்துவமனைக் குறிப்பின்படி நோயாளிக்கு 4 ஆண்டுகளாக நீரிழிவு நோய் உள்ளது. பாலிசியின் விலக்கு Excl01இன்படி, பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்கும் அதன் நேரடிச் சிக்கல்களுக்கும் ஆகும் சிகிச்சைச் செலவு, முதல் பாலிசி தொடங்கிய நாளிலிருந்து தொடர்ச்சியாக 36 மாதங்கள் முடியும்வரை விலக்கப்பட்டது. மேலும், விண்ணப்பத்தில் இந்நோய் தெரிவிக்கப்படவில்லை. முக்கிய உண்மையைத் தவறாகக் கூறினாலோ தெரிவிக்காவிட்டாலோ பாலிசி செல்லாததாகும். செலுத்திய பிரீமியம் முழுவதும் நிறுவனத்துக்குப் பறிமுதலாகும். ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

அவருடைய மனைவி இதைப் படித்துவிட்டு, "அண்ணே, அந்த நான்கு வருஷம் என்பதையும் பறிமுதல் என்பதையும் எடுத்துவிட்டுத் தாருங்கள். அவர் படித்தால் கொதித்துப் போவார்" என்றார். முடியாது என்றேன். கொதிப்பு வந்தாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அந்த இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டால் முறையீட்டில் பாதிக்குப் பதிலே இருக்காது.

ஏனென்றால் மருமகன் ஒரே காரணமாகச் சொன்னது உண்மையில் தனித்தனியான இரண்டு காரணங்கள். முதலாவது, இந்தச் சிகிச்சைக்கு மட்டும் பணம் இல்லை என்கிறது. இரண்டாவது, பாலிசியே செல்லாது என்கிறது. முதலாவதை வென்று இரண்டாவதுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் பணம் வராது. இரண்டாவதை வென்று முதலாவதை விட்டாலும் வராது. குடும்பம் அதுவரை வங்கி ஊழியருக்கு அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்திகளெல்லாம் "இது திருக்கை அடித்த காயம், சர்க்கரையால் வந்ததல்ல" என்றுதான் சொல்லின. பாலிசி செல்லாது என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு குற்றச்சாட்டு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

மென்மைப்படுத்துவது பெரும்பாலும் இரக்கத்தால் நடக்கிறது. ஆனால் அதே கை சில இடங்களில் நிறுவனத்துக்கும் சாதகமாக எழுதிவிடும். "சர்க்கரை இருப்பதால் தர முடியாது" என்பது கடிதம் சொல்வதைவிடக் கடுமையானது. சர்க்கரை உள்ளவருக்கு எந்தச் சிகிச்சைக்கும் பணம் இல்லை என்று அந்த வாக்கியம் பொருள்படுகிறது. விலக்கு அப்படிச் சொல்லவில்லை. நோய்க்கும் அதன் "நேரடி"ச் சிக்கல்களுக்கும் என்றுதான் சொல்கிறது. திருக்கை முள் குத்திய இடத்தில் கிருமி புகுந்து சீழ் பிடித்தது நீரிழிவின் நேரடிச் சிக்கலா, வெளியிலிருந்து வந்த காயத்தின் விளைவா என்பதே வழக்கின் மையம். அந்த ஒரு அடைமொழி தமிழில் விடுபட்டால் வாதாட இடமே இல்லாமல் போய்விடும்.

கடிதத்தை மட்டும் தமிழாக்கினால் போதாது. நிராகரிப்புக் கடிதத்தில் விதியை முழுமையாக எடுத்தெழுத மாட்டார்கள், தமக்கு வேண்டிய வரியை மட்டும் எழுதுவார்கள். எனவே பாலிசி நிபந்தனைப் புத்தகத்தை வாங்கி மூன்று இடங்களைப் பார்த்தேன்.

ஒன்று, "முன்பே இருந்த நோய்" என்பதன் வரையறை. அவருடைய பாலிசியில், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது அந்தக் காலத்தில் மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ அளித்த அல்லது பரிந்துரைத்த நோய் என்று இருந்தது. உடம்பில் நோய் இருந்திருக்கலாம் என்ற ஊகம் இதில் அடங்காது. மருத்துவர் என்று ஒருவர் நடுவில் இருந்தாக வேண்டும்.

இரண்டு, மற்ற காத்திருப்பு விதிகள். வங்கி ஊழியர் "விபத்து என்றால் காத்திருப்புக் காலமே கிடையாது" என்று அடித்துச் சொல்லியிருந்தார். குடும்பம் அதை நம்பியிருந்தது. இந்த விலக்குகளின் வாசகத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே வகுத்துக் கொடுத்திருக்கிறது. அதனால் எந்த நிறுவனத்தின் பாலிசியிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான் இருக்கும். குறிப்பிட்ட நோய்களுக்கான Excl02இலும், முதல் 30 நாட்களுக்கான Excl03இலும் விபத்துக்கு விதிவிலக்கு உண்டு. Excl01இல் அப்படி ஒரு வரி இல்லை. இது குடும்பத்துக்குப் பிடிக்காத செய்தி. ஆனாலும் தனித் தாளில் அதை முதல் வரியாக எழுதினேன். இல்லாத விதிவிலக்கை நம்பி முறையீடு எழுதினால் நிறுவனம் ஒரே வரியில் அதைத் தள்ளிவிடும். நம் வாதம் "நேரடிச் சிக்கல்" என்ற சொற்களில் நிற்க வேண்டும், விபத்து என்ற சொல்லில் நிற்கக் கூடாது.

மூன்று, "முக்கிய உண்மை" என்றால் என்ன என்பது. நிறுவனம் விண்ணப்பப் படிவத்திலும் அதைச் சார்ந்த ஆவணங்களிலும் கேட்ட விவரங்கள் என்று விளக்கம் தரப்பட்டிருந்தது. ஆகவே படிவத்தில் என்ன கேட்டார்கள், என்ன பதில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டாவது காரணத்துக்குப் பதில் எழுத முடியாது. படிவத்தின் நகல் குடும்பத்திடம் இல்லை. வங்கி ஊழியர் தன் டேப்லெட்டில் நிரப்பி, ஓடிபி எண்ணை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி நகலைப் பெற்றோம். நீரிழிவு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது. படிவத்தை வேறொருவர் நிரப்பினாலோ, விண்ணப்பதாரருக்குத் தெரியாத மொழியில் நிரப்பினாலோ, அவருக்குப் புரியும்படி விளக்கினேன் என்று நிரப்பியவர் உறுதிமொழி தரும் பகுதி இத்தகைய படிவங்களின் கடைசியில் இருப்பது வழக்கம். இந்தப் படிவத்தில் அந்தப் பகுதி காலியாக இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் அதை நம்பி மட்டும் நிற்க நான் சொல்லவில்லை. படிவத்தை ஊழியர் நிரப்பினார் என்பதால் பதிலுக்கான பொறுப்பு கழன்றுவிடாது.

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியை அவரிடமே நேரில் கேட்டேன். "அண்ணே, பாலிசி போடுவதற்கு முன்பு எந்த மருத்துவராவது சர்க்கரை இருக்கிறது என்று சொன்னாரா? மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா?" சத்தியமாக இல்லை என்றார். 2025 ஜனவரியில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்டுபிடித்து மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்களாம். அந்த அட்டையை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். முதல் பதிவு 2025 ஜனவரி. பாலிசி தொடங்கியதோ அதற்கு முந்தைய ஆகஸ்டில். அவர் "ஆமாம், முன்பே தெரியும்" என்று சொல்லியிருந்தால் இந்த வழக்கில் நான் வேறுவிதமாகத்தான் பேசியிருப்பேன். மறைத்ததை மறைக்கவில்லை என்று எழுதித் தருவது என் வேலை இல்லை.

அப்படியானால் நான்கு ஆண்டு எங்கிருந்து வந்தது? மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தை வரிவரியாகப் படித்தேன். நோய் வரலாறு என்ற பகுதியில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் "நீரிழிவு, 4 ஆண்டுகள்" என்று இருந்தது. அவசரப் பிரிவில் சேர்த்தபோது, எத்தனை வருடமாகச் சர்க்கரை என்று கேட்ட பணி மருத்துவருக்கு, கூடப்போன உறவினர் ஒருவர் "ஒரு நான்கு வருடம் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். நோயாளி அப்போது காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். இது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பதுதான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்து ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனையில் அந்த எண் நிரந்தரப் பதிவாகிவிடுகிறது. தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்தத் தாளை யாரையாவது வைத்து முழுக்கப் படித்துப் பாருங்கள். அன்றைக்கே திருத்தம் கேட்பது எளிது, பணம் மறுக்கப்பட்ட பிறகு கேட்டால் திருத்தம் எல்லோர் கண்ணுக்கும் சந்தேகமாகத் தெரியும்.

அதே சுருக்கத்தில் இரண்டு வரி மேலே, "ஒரு வாரத்துக்கு முன் வலது காலில் மீன் கொட்டியதாகச் சொல்கிறார்" என்றும் இருந்தது. நிராகரிப்புக் கடிதம் இந்த வரியைத் தொடவே இல்லை. கடிதம் எதைச் சொல்கிறது என்பதைப் போலவே எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் தனித் தாளில் எழுதுவது என் வழக்கம். இந்தக் கடிதத்துக்கு அந்தப் பட்டியலில் முதல் இடம் மீன் கொட்டிய வரிக்கு. இன்னொன்று, மருத்துவக் காப்பீட்டுக்காக ஆணையம் 2024இல் வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கை. கோரிக்கை மறுப்பு எதுவும் நிறுவனத்தின் கோரிக்கை மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகே வெளியே வர வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தக் கடிதத்தில் விதி எண் இருந்தது, குழுவின் ஒப்புதல் பற்றிய பேச்சே இல்லை. அதையும் முறையீட்டில் ஒரு கேள்வியாகவே கேட்டோம்.

முறையீட்டை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். இரண்டு காரணங்களுக்கும் தனித்தனித் தலைப்பு. இரண்டாவது காரணத்துக்கு ஆரம்ப சுகாதார நிலைய அட்டையின் நகல். முதல் காரணத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரின் சான்று: எந்தக் காரணத்துக்காகச் சேர்த்தார்கள், காயம் எப்படி ஏற்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது, நான்கு ஆண்டு என்ற விவரம் யார் சொல்லி எழுதப்பட்டது என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருந்தது. அந்த மருத்துவர் பழைய பதிவை அழித்து எழுத மறுத்துவிட்டார். உறவினர் சொன்னதை வைத்து எழுதியது, ஆவண ஆதாரம் இல்லை என்று மட்டும் எழுதித் தந்தார். அதுதான் சரி. திருத்தப்பட்ட சுருக்கத்தைவிட இந்தச் சான்று பலமானது.

நிறுவனத்தின் பதில் இரண்டு வாரத்துக்குள் வந்தது. குறைகளுக்கு 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. இரண்டாவது காரணத்தைக் கைவிட்டிருந்தார்கள், பாலிசி தொடரும். முதல் காரணத்தை விடவில்லை. ஆனால் வாசகம் மாறியிருந்தது. சேர்க்கையின்போது எடுத்த எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையின் அளவு அதிகமாக இருந்ததால் நீரிழிவு நீண்ட காலமாக இருந்திருக்க வேண்டும் என்றும், அதனால் காயம் ஆறுவது தாமதமாகித் தீவிரமானது என்றும் எழுதியிருந்தார்கள்.

இந்தக் கடிதத்தையும் அதே இரண்டு பத்தியில் தமிழாக்கினேன். பழைய கடிதத்தை அருகில் வைத்துப் படித்தபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. முன்பு நீரிழிவின் நேரடிச் சிக்கல் என்றவர்கள், இப்போது நீரிழிவால் காயம் தீவிரமானது என்கிறார்கள். காயத்தை நீரிழிவு உண்டாக்கவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்ததைப் போலத்தான் இது. "மறுபடியும் மறுத்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் குடும்பம் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்பிஏ1சி பரிசோதனை ஏறக்குறைய முந்தைய இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும். நோய் எத்தனை ஆண்டுப் பழமை என்று அது சொல்லாது. இதை நான் எழுதினால் எடுபடாது என்பதால் மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கச் சொன்னேன்.

அடுத்த வாசல், இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டு நடுவர். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, அது மறுத்த பிறகோ, ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோதான் அங்கே போக முடியும். அதிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வழியாகவும் போக முடியாது, பாலிசிதாரரே பேச வேண்டும். வங்கி ஊழியரிடம் வாட்ஸ்அப்பில் பேசிய இரண்டு மாதம் இந்தக் கணக்கில் எதற்கும் சேராது, ஏனென்றால் அவர் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் அல்ல.

பாலிசிதாரரே பேச வேண்டும் என்றதும் அவர் தயங்கினார். "ஆங்கிலத்தில் கேட்டால் என்ன செய்வது?" என்றார். இரண்டு கடிதங்களின் தமிழையும் மடியில் வைத்துக்கொண்டு, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தன் பதிலைத் தானே சொல்லிப் பார்த்தார். மறைத்தார் என்ற வரி வந்தபோது நான் எதிர்பார்த்தபடியே கொதித்தார். பிறகு, "அதைத்தான் அவர்களே விட்டுவிட்டார்களே, அடுத்ததைப் படி" என்றார். மனுவோடு இரண்டு கடிதங்கள், முறையீடு, விரைவுத் தபால் ரசீது, சுகாதார நிலைய அட்டை, மருத்துவர் சான்று, விண்ணப்பப் படிவ நகல், மீன் கொட்டிய வரியில் பென்சிலால் கோடிட்ட விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றை இணைத்து அனுப்பியிருக்கிறோம். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.